நிறுவன வரலாறா, நிறுவனரின் வேலை வரலாறா? ஒரே தகவலுக்கு நான்கு வரைவுகள்

கடன் கேட்டோ முதலீடு கேட்டோ எழுதப்படும் வணிகத் திட்டத்தில் எந்தப் பகுதி எளிது என்று கேட்டால், 'நிறுவனம் பற்றியும் அதன் வரலாறும்' என்றுதான் பலரும் சொல்வார்கள். அதற்குச் சந்தையை அலச வேண்டியதில்லை, அடுத்த ஐந்தாண்டு வருவாயைக் கணிக்க வேண்டியதில்லை. நடந்ததை எழுதினால் முடிந்தது. அந்த எளிமையே வினையாகிவிடுகிறது. எழுத உட்கார்ந்தவர் எப்போதோ வேலைக்கு விண்ணப்பிக்கத் தயாரித்த தன்விவரக் குறிப்பைத் திறக்கிறார். அதிலுள்ள வரிகளைக் கொஞ்சம் நீட்டுகிறார், 'நான்' வந்த இடத்தில் 'நிறுவனர்' என்று மாற்றுகிறார். ஒரு மணி நேரத்தில் பகுதி தயார்.

இந்தப் பகுதியை எழுதுவதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நிறுவனரின் வேலை வரலாற்றை உரைநடையாக்குவது, ஆண்டுவரிசைப் பட்டியல் போடுவது, தொடக்கக் கதையைச் சொல்வது, நிறுவனம் சந்தித்த திருப்பங்களையும் அவற்றில் எடுத்த முடிவுகளையும் எழுதுவது. நான்கையும் தனித்தனியாகப் புகழ்வதோ இகழ்வதோ வீண். ஒரே நிறுவனத்தின் ஒரே தகவலை நான்கு விதமாகவும் எழுதிப் பார்த்தால்தான் வேறுபாடு கண்ணில் படும்.

உதாரணத்துக்கு ஒரு சிறு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைகளில் இருக்கும் எடைக்கருவி, வெப்பமானி, அழுத்தமானி ஆகியவை சரியான அளவைக் காட்டுகின்றனவா என்று சோதித்து, அளவுத்திருத்தச் சான்றிதழ் தருவது அதன் வேலை. தொடங்கி 9 ஆண்டுகள் ஆகின்றன. நிறுவனர் அதற்கு முன் ஒரு வேதித் தொழிற்சாலையின் கருவிப் பராமரிப்புப் பிரிவில் 14 ஆண்டுகள் இருந்தவர். இப்போது அழுத்தமானிகளுக்கென்று சொந்தமாக ஓர் ஆய்வகம் அமைக்கக் கடன் கேட்கிறார்.

முதல் வரைவு: வேலை வரலாறு

"நிறுவனர் மின்னணுவியலில் பொறியியல் பட்டம் பெற்றவர். புகழ்பெற்ற வேதித் தொழிற்சாலையில் 14 ஆண்டுகள் பணியாற்றி, பிரிவுத் தலைவர் நிலைக்கு உயர்ந்தார். சிறந்த ஊழியருக்கான விருதை இருமுறை பெற்றுள்ளார். கருவிப் பராமரிப்பில் ஆழ்ந்த அறிவும் தலைமைப் பண்பும் கொண்டவர். இந்த அனுபவத்தின் துணையோடு 9 ஆண்டுகளுக்கு முன் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நிறுவனம் 11 ஊழியர்களுடன் வெற்றிநடை போடுகிறது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு வாக்கியங்களில் ஐந்து நிறுவனரைப் பற்றியவை. நிறுவனம் கடைசி வாக்கியத்தில்தான் வாய் திறக்கிறது, அதுவும் 'வெற்றிநடை' என்ற ஒரு சொல்லில் 9 ஆண்டுகளையும் விழுங்கிவிட்டு மூடிக்கொள்கிறது. கடன் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது அந்த 9 ஆண்டுகள்தான். தவணையைக் கட்டப்போவது அவருடைய பட்டமும் விருதும் அல்ல, நிறுவனத்தின் வரவு.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இந்த வரைவில் ஒளிந்திருக்கிறது. நிறுவனரைப் புகழப் புகழ, 'இவர் இல்லாவிட்டால் இந்த நிறுவனம் என்ன ஆகும்?' என்ற கேள்வி படிப்பவர் மனத்தில் வளர்ந்துகொண்டே போகும். ஒரே மனிதரை நம்பி நிற்கும் நிறுவனம் என்பது கடன் கொடுப்பவருடைய ஆபத்துப் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும் ஒன்று. அவர் இரண்டு மாதம் நோயில் படுத்தால் சான்றிதழ்கள் வெளியாகுமா, வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்களா? நம்பிக்கையூட்ட எழுதிய பத்தி சந்தேகத்தைத்தான் ஊட்டுகிறது. இதைச் சொன்னால் பல நிறுவனர்களுக்குக் கோபம் வரும். 'என் அனுபவம்தானே இதற்கு அடித்தளம்?' என்பார்கள். உண்மைதான், அடித்தளம்தான். ஆனால் வீட்டை விற்க வந்தவர் அடித்தளத்தைத் தோண்டிக் காட்டுவதில்லையே.

தன்விவரத்துக்கு வணிகத் திட்டத்தில் வேறு இடம் இருக்கிறது: 'நிர்வாகக் குழு' என்ற பகுதியும் அதன் இணைப்பும். இந்தப் பிரிவினை எழுத்தாளர்களின் விருப்பு வெறுப்பால் வந்ததன்று. அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையத்தின் ஒழுங்குமுறை எஸ்-கேயைப் பாருங்கள். பொதுமக்களிடம் பங்கு விற்கும் நிறுவனங்கள் எதையெல்லாம் வெளியிட வேண்டும் என்பதை அதுதான் வகுக்கிறது. அதில் தொழிலின் வளர்ச்சியை விவரிக்கச் சொல்வது 101ஆம் பிரிவு. இயக்குநர்கள், உயர் அதிகாரிகள் ஆகியோரின் கடந்த ஐந்தாண்டு அனுபவத்தைக் கேட்பது 401ஆம் பிரிவு. இரண்டையும் ஒரே கூடையில் போடுவதில்லை. ஒரு சிறு நிறுவனத்தின் கடன் விண்ணப்பத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் பிறர் பணத்தைக் கேட்கும் ஆவணத்தில் மனிதரின் வரலாறும் நிறுவனத்தின் வரலாறும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இரண்டாம் வரைவு: ஆண்டுவரிசை

"முதல் ஆண்டு: தனியுரிமை நிறுவனமாகத் தொடக்கம். இரண்டாம் ஆண்டு: வெப்பமானி அளவுத்திருத்தம் சேர்க்கப்பட்டது. மூன்றாம் ஆண்டு: பெரிய கட்டடத்துக்கு மாற்றம். ஐந்தாம் ஆண்டு: பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவு. ஆறாம் ஆண்டு: ஐஎஸ்ஓ சான்று. எட்டாம் ஆண்டு: பத்தாவது ஊழியர். ஒன்பதாம் ஆண்டு: நாற்பதாவது வாடிக்கையாளர்."

முதல் வரைவைவிட இது எவ்வளவோ மேல். எழுவாய் நிறுவனமாகிவிட்டது, உரிச்சொற்கள் காணாமல் போய்விட்டன. வேகமாகப் படிக்கலாம், தேதிகளை ஆவணங்களோடு ஒப்பிடலாம். பலரும் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

ஆண்டுவரிசையில் எல்லா நிகழ்வுக்கும் ஒரே எடைதான். கட்டடம் மாறியதும் அங்கீகாரம் கிடைத்ததும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே எழுத்தளவில் நிற்கின்றன. கட்டடம் மாறியதால் கடனைத் திருப்பிக் கட்டும் திறன் கூடியதா? பட்டியல் பதில் சொல்லாது, ஏனென்றால் பட்டியலுக்கு 'அதனால்' என்ற சொல்லே கிடையாது. முன் சொன்ன 101ஆம் பிரிவே இந்தப் பாதையில் வந்ததுதான். கடந்த ஐந்தாண்டு வளர்ச்சியை விவரிக்க வேண்டும் என்று கால எல்லை வகுத்திருந்த அந்தப் பிரிவிலிருந்து, 2020இல் செய்த திருத்தத்தில் ஐந்தாண்டு என்ற எல்லையை ஆணையம் எடுத்துவிட்டது. முதலீட்டாளர் அறிந்திருக்க வேண்டிய முக்கிய மாற்றங்கள் எவையோ அவற்றைச் சொன்னால் போதும் என்றாகிவிட்டது.

இன்னொரு விஷயம். மேலே உள்ள பட்டியலில் நான்காம் ஆண்டைக் காணோம், கவனித்தீர்களா? ஏழாம் ஆண்டும் இல்லைதான், ஆனால் அது உறுத்தாது, எதுவும் சிறப்பாக நடக்காத ஆண்டு என்று விட்டுவிடலாம். முதல் மூன்று ஆண்டுகளுக்கு வரிசையாக ஒவ்வொன்று சொல்லிவிட்டு நான்கில் மௌனமாகி, ஐந்தில் திடீரென்று நிறுவனத்தின் சட்ட வடிவமே மாறுகிறது. பழகிய கடன் அதிகாரியின் விரல் சரியாக அங்கே போய் நிற்கும். சட்ட வடிவம் மாறுவதற்கு வரி, வளர்ச்சி என்று நல்ல காரணங்கள் உண்டு, பழைய கடன்களிலிருந்து விலகி நிற்க விரும்பியதும் காரணமாக இருக்கலாம். எது என்று பட்டியல் சொல்லவில்லை. படிப்பவர் தானே ஒன்றை ஊகித்துக்கொள்வார், அந்த ஊகம் நமக்குச் சாதகமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தேதிச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. முதல் பக்கத்தில் '9 ஆண்டு அனுபவம்' என்று இருக்கும். இணைத்த பதிவுச் சான்றிதழில் நிறுவனத்தின் வயது 5. இரண்டும் உண்மை. தனியுரிமை நிறுவனமாக நடந்த நான்கு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் இந்த வேறுபாட்டை நாம் எழுதி வைக்காமல் படிப்பவர் தானே கண்டுபிடித்தால், அதன்பின் வரும் எண்கள் அனைத்தையும் அவர் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். ஒரே ஒரு வாக்கியம் இதைத் தீர்த்துவிடும். எப்போது எந்த வடிவில் தொடங்கியது, எப்போது மாறியது, வாடிக்கையாளர்களும் கருவிகளும் புதிய நிறுவனத்துக்கு வந்தனவா என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

'ஐஎஸ்ஓ சான்று' என்ற சொல்லும் இப்படித்தான் தன்னைத்தானே மலிவாக்கிக்கொள்கிறது. ஐஎஸ்ஓ 9001 என்பது தர மேலாண்மை முறைக்கான சான்று. எந்தத் தொழிலும் வாங்கலாம். ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்பது சோதனை, அளவுத்திருத்த ஆய்வகங்களின் தொழில்நுட்பத் திறனுக்கான தரநிலை. 1999இல் வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 2017 பதிப்பு. இதற்கான அங்கீகாரம் குறிப்பிட்ட அளவீடுகளுக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் வழங்கப்படுகிறது. எடைக்கு உண்டு, அழுத்தத்துக்கு இல்லை என்று இருக்கலாம். நம் நிறுவனத்திடம் இருப்பது இரண்டாவது வகை. அதைப் பெறுவது எவ்வளவு கடினம் என்பது துறையில் இருப்பவருக்குத் தெரியும். பட்டியலில் இடமில்லை என்று அதை மூன்றெழுத்தாகச் சுருக்கியதில், கையிலிருந்த வைரம் கண்ணாடித் துண்டாகிவிட்டது.

மூன்றாம் வரைவு: தொடக்கக் கதை

"ஓர் இரவுப் பணியின்போது தவறான அளவைக் காட்டிய ஓர் அழுத்தமானியால் ஆலை முழுவதும் நிறுத்தப்பட்டது. அன்றிரவு வீடு திரும்பும் வழியிலேயே அவர் முடிவு செய்துவிட்டார்…"

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படிக்கச் சுவையாக இருக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில், புதிதாக வேலைக்கு வருபவரிடம் பேசும்போது, இதற்கு இடமுண்டு. ஒரே வாரத்தில் பல திட்டங்களைப் படிக்கும் ஒருவருக்கு 'அன்றிரவு' பழகிப்போன இரவு. ஆலை நின்றுபோனது வாடிக்கையாளர்கள் இந்தச் சேவைக்குப் பணம் கொடுப்பதன் காரணத்தை விளக்குகிறது என்றால், அதை ஒரு வாக்கியமாக்கி வைத்துக்கொள்ளலாம். வழியில் எடுத்த முடிவு வேண்டாம்.

நான்காம் வரைவு: திருப்பமும் முடிவும்

இதைக் கொஞ்சம் நீளமாகவே தர வேண்டும், ஏனென்றால் இதன் வலிமை எந்த ஒற்றை வாக்கியத்திலும் இல்லை.

"இந்நிறுவனம் தொழிற்சாலைகளின் எடைக்கருவி, வெப்பமானி, அழுத்தமானி ஆகியவற்றுக்கு அளவுத்திருத்தம் செய்து சான்றிதழ் வழங்குகிறது. 9 ஆண்டுகளுக்கு முன் தனியுரிமை நிறுவனமாகத் தொடங்கி, 5 ஆண்டுகளுக்கு முன் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவானது. கருவிகளும் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களும் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன (இணைப்பு 2). இப்போது 11 ஊழியர்களும் 41 வாடிக்கையாளர்களும் இருக்கின்றனர்.

மூன்றாம் ஆண்டில் வருவாயில் 58 சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. மறு ஆண்டு அவர்கள் தங்கள் ஆலையை இடம் மாற்றியபோது எங்கள் வருவாய் பாதிக்கும் கீழே சரிந்தது. அதன்பின், எந்த ஒரு வாடிக்கையாளரின் பங்கும் ஆண்டு வருவாயில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தோம். கடந்த நிதியாண்டில் மிகப் பெரிய வாடிக்கையாளரின் பங்கு 13 சதவீதம் (இணைப்பு 3).

ஆறாம் ஆண்டில் எடை, வெப்பநிலை ஆகிய இரு அளவீடுகளுக்கும் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகாரம் பெற்றோம். அதற்கு முன் எல்லாச் சான்றிதழ்களிலும் நிறுவனரே கையெழுத்திட்டார். இப்போது அந்தத் தகுதி நான்கு பேருக்கு இருக்கிறது. கடந்த ஆண்டுச் சான்றிதழ்களில் ஐந்தில் நான்கு அவர் கையெழுத்து இல்லாமல் வெளியானவை. நிதியாண்டின் தொடக்கத்தில் ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்த 32 வாடிக்கையாளர்களில் 29 பேர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தனர்.

அழுத்தமானிகளை இன்னும் வெளி ஆய்வகத்துக்கே அனுப்புகிறோம். கடந்த 12 மாதங்களில் எங்களிடம் வந்த 1,900 கருவிகளில் 310 அப்படிச் சென்றன. எங்கள் ஆய்வகத்தில் ஒரு கருவிக்குச் சராசரியாக 3 வேலைநாள் ஆகிறது, வெளியே அனுப்பினால் 9. கோரும் கடன் இந்த இடைவெளியை மூடுவதற்கானது."

முதல் வரைவில் கேள்வியாக நின்ற 'இவர் இல்லாவிட்டால்?' என்பதற்கு இங்கே பதில் இருக்கிறது. 'எங்கள் நிறுவனம் ஒருவரை நம்பி இல்லை' என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. நான்கு கையெழுத்துகளும் ஐந்தில் நான்கு சான்றிதழ்களும் அதைச் சொல்லிவிடுகின்றன. கடைசிப் பத்தி வரலாற்றிலிருந்து கோரிக்கைக்கு இயல்பாக வந்து சேர்கிறது. எடையில் செய்தார்கள், வெப்பத்தில் செய்தார்கள், இப்போது அழுத்தம். கடன் புதிய சாகசத்துக்கு அல்ல, ஏற்கெனவே இருமுறை செய்து முடித்த வேலையின் மூன்றாம் சுற்றுக்கு என்று படிப்பவர் தானே புரிந்துகொள்வார்.

இரண்டாம் பத்தியில்தான் வழக்கமாகத் தகராறு வரும். சரிவைப் பற்றி எழுத யாருக்கும் மனம் வராது. கடன் கேட்பவர் பொதுவாகக் கடைசி மூன்று ஆண்டுக் கணக்குகளைத்தான் கொடுக்கிறார். நம் நிறுவனத்தின் சரிவு அதற்கும் முந்தியது. எழுதாமல் விட்டால் கணக்கில் தெரியாது. ஆனாலும் நான் எழுதத்தான் சொல்வேன், நேர்மை என்ற உயர்ந்த காரணத்துக்காக மட்டும் அல்ல. 13 சதவீதம் என்ற எண்ணைத் தனியாகப் போட்டால் அது ஒரு புள்ளிவிவரம், தற்செயலாகவும் அமைந்திருக்கலாம். சரிவுக்குப் பின்னால் போட்டால் அது ஓர் ஒழுக்கம். ஒரு பெரிய வாடிக்கையாளர் நாளை வந்து நிறைய வேலை தருகிறேன் என்றாலும் இவர்கள் யோசிப்பார்கள் என்று படிப்பவர் நம்புவதற்கு அந்த நான்காம் ஆண்டுதான் ஆதாரம். அதைக் கழித்துவிட்டால் வரம்புக்கு வேரே இல்லை.

சரிவை எழுதுவதில் ஓர் அளவு உண்டு. நடந்தது, காரணம், எடுத்த முடிவு, இப்போதைய எண் ஆகியவற்றுக்கு நான்கு வாக்கியங்கள் போதும். ஐந்தாவது வாக்கியத்தில் 'சோதனைகளைச் சாதனைகளாக்கி' என்று ஆரம்பித்துவிட்டால் முன்னால் சொன்ன நான்கும் விளம்பரமாகிவிடும். காரணம் இன்னும் தீரவில்லை என்றால், அந்தச் சரிவை வரலாற்றில் முடிந்த கதைபோலச் சொல்லக் கூடாது. அதற்குரிய இடம் ஆபத்துகளைப் பற்றிய பகுதி. 29 பேர் புதுப்பித்தார்கள் என்று எழுதிவிட்டால், மீதி மூன்று பேர் ஏன் விலகினார்கள் என்ற கேள்வி நேர்காணலில் கட்டாயம் வரும். பதில் கைவசம் இல்லாதவர் அந்த எண்ணை எழுதாமல் இருப்பதே மேல்.

சரி, அந்த 14 ஆண்டுகள் எங்கே?

நான்காம் வரைவைப் படித்த நிறுவனர் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. அவருடைய அனுபவத்தால் நிறுவனத்தில் ஏதாவது ஒன்று வேறுவிதமாக நடக்கிறது என்றால் அது உள்ளே வர வேண்டும், ஆனால் காரணமாக மட்டும். இப்படி:

"கருவியைக் கழற்றி அனுப்பினால் உற்பத்தி நிற்கும் என்பதை ஆலைப் பராமரிப்பில் இருந்த 14 ஆண்டுகளில் நிறுவனர் கண்டிருந்ததால், வாடிக்கையாளரின் இடத்துக்கே சென்று, ஆலை ஓயும் வார இறுதிகளில் வேலை செய்யும் முறையைத் தொடக்கம் முதலே வைத்திருக்கிறோம். கடந்த 12 மாதங்களில் 1,120 கருவிகள் இவ்வாறு அவர்கள் இடத்திலேயே முடிக்கப்பட்டன."

14 ஆண்டுகள் இப்போது அலங்காரமாக இல்லை; நிறுவனத்தின் ஒரு வழக்கத்தைப் பெற்றெடுத்திருக்கின்றன. பட்டம், விருது, பதவி உயர்வு ஆகியவற்றால் இப்படி ஒரு 'அதனால்' பிறக்கவில்லை. ஆகவே அவை நிர்வாகக் குழுப் பகுதிக்குப் போகட்டும், அங்கே முழு மரியாதையோடு இருக்கட்டும். குழுவினர் எல்லோருடைய ஆண்டுகளையும் கூட்டி 'மொத்தம் 60 ஆண்டு அனுபவம்' என்று எழுதும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அதை மட்டும் எந்தப் பகுதியிலும் சேர்க்க வேண்டாம். பத்துப் பேர் ஆறு ஆறு ஆண்டு வேலை பார்த்தாலும் கூட்டுத்தொகை அதுதான் என்பது படிப்பவருக்கும் தெரியும்.

வரைவு முடிந்தபின் நான் பென்சிலோடு உட்கார்ந்து செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், அதைப் படிப்பவர் எந்தத் தாளைப் பார்த்துச் சரிபார்ப்பார் என்று எழுதுவேன். பதிவுச் சான்றிதழ், அங்கீகாரச் சான்றின் எல்லை விவரம், வாடிக்கையாளர்வாரி விற்பனைப் பட்டியல், ஒப்பந்தப் பதிவேடு என்று ஏதாவது ஒன்று ஓரத்தில் வந்தால் வாக்கியம் தங்கும். ஒன்றும் எழுத வரவில்லை என்றால் அந்த வாக்கியம் போகலாம். முதல் வரைவில் இந்தச் சோதனையில் பட்டமும் விருதும் வேலைபார்த்த ஆண்டுகளும் தேறிவிடும், ஆனால் அவற்றின் தாள்களெல்லாம் நிறுவனரின் சொந்தக் கோப்பில் இருப்பவை. எந்தக் கோப்பைத் திறக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டே, எழுதியது யாருடைய வரலாறு என்று தெரிந்துகொள்ளலாம்.

நான்காம் வரைவு எப்போது தோற்கும்?

தொடங்கி எட்டு மாதமே ஆன நிறுவனத்துக்குத் திருப்பங்கள் இருக்காது. இல்லாததை ஊதிப் பெருக்கினால் மூன்றாம் வரைவின் 'அன்றிரவு' வேறு உடையில் வந்து நிற்கும். அங்கே பகுதியே அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்ன செய்கிறோம், யாருக்கு, எந்த வடிவில் பதிவு செய்திருக்கிறோம், இதுவரை எதைச் சோதித்துப் பார்த்தோம், சோதனையில் தெரிந்தது என்ன என்பவை போதும். ஐந்து பேருக்கு முன்னோட்டமாகச் செய்து கொடுத்து, இருவர் பணம் கொடுத்துத் தொடர்ந்தார்கள் என்றால், அந்த இருவர்தான் அந்த நிறுவனத்தின் வரலாறு. இத்தகைய நிறுவனத்தில் நிறுவனரின் அனுபவத்துக்குக் கூடுதல் இடம் கொடுக்கலாம், வேறு சான்று இல்லாததால். அப்போதும் 'காரணமாக மட்டும்' என்ற விதி மாறாது.

மூன்று தலைமுறை கண்ட நிறுவனத்துக்குச் சிக்கல் நேர்மாறானது. உரிமை மாற்றங்கள், இணைப்புகள், பெயர் மாற்றங்கள் என்று சட்ட வரலாறே நீளும். அதை உரைநடையில் சொன்னால் படிப்பவர் வழி தவறிவிடுவார். ஐந்தாறு வரிகளில் சிறிய ஆண்டுவரிசை அட்டவணை ஒன்றைப் போட்டுவிட்டு, அதன் கீழே இரண்டு அல்லது மூன்று திருப்பங்களை மட்டும் விரித்து எழுதுவது நல்லது. மூன்றுக்கு மேல் போனால் எந்த முடிவு இன்றைய கோரிக்கையோடு தொடர்புடையது என்பது மங்கிவிடும். முதலீட்டாளருக்கு எழுதும்போது திருப்பங்களின் தேர்வு மாறும். கடன் கொடுப்பவருக்கு 15 சதவீத வரம்பு ஆறுதல். வேகமான வளர்ச்சியைத் தேடும் முதலீட்டாளருக்கு அதே வரம்பு ஒரு கைவிலங்காகத் தெரியலாம். அவருக்குக் கையெழுத்திடும் தகுதி ஒருவரிடமிருந்து நான்கு பேருக்குப் பரவியதை முன்னால் வைக்க வேண்டும், ஏனென்றால் அவர் பார்ப்பது இந்த வேலை நாற்பது பேருக்குப் பரவுமா என்பதை.

ஒப்பந்தப்புள்ளி விண்ணப்பங்களில் நான்காம் வரைவுக்கு வேலையே இல்லை. அங்கே மதிப்பீட்டாளர் கையில் மதிப்பெண் தாள் இருக்கும். இதே போன்ற பணிகள் எத்தனை, எந்த ஆண்டில், யாருக்கு, என்ன மதிப்பில் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். கேட்ட கட்டத்தில் கேட்டதை நிரப்ப வேண்டும். இரண்டாம் வரைவின் ஆண்டுவரிசைதான் அங்கே பொருந்தும், 'ஐஎஸ்ஓ சான்று' என்பதை மட்டும் அங்கீகார எண், அளவீடுகள், செல்லுபடியாகும் நாள் ஆகியவற்றோடு முழுதாக எழுதிவிட்டு.